முட்டையில் நான்கு வகை

முட்டையை நாம் எண்ணி விற்கிறோம். சமையலுக்கோ எடைதான் கணக்கு. கோழி முட்டை ஏறக்குறைய 55 கிராம், வாத்து முட்டை 70 கிராம், வான்கோழி முட்டை 80 கிராம், காடை முட்டை 10 கிராம். கேக்குக்கு 4 கோழி முட்டை தேவைப்படுபவருக்கு 3 வாத்து முட்டை போதும்; காடை முட்டையானால் 22 வேண்டும்.

வாத்து முட்டையில் மஞ்சள் கரு பெரிது, கொழுப்பும் கூடுதல். கேக் நன்றாக உப்பும். அளவுக்கு மீறி வெந்தால் வெள்ளைக் கரு ரப்பர் போலாகிவிடும். காடை முட்டை கொதிநீரில் 4 நிமிடத்தில் வெந்துவிடும்; உள்சவ்வு கெட்டியானதால் அகன்ற முனையிலிருந்து உரிக்க வேண்டும். வான்கோழி முட்டையின் ருசி கோழி முட்டையை ஒத்ததே. பெரும்பாலும் குஞ்சு பொரிக்கவே வைத்துக்கொள்வதால் கடைக்கு வருவது அரிது.

ஒன்றில் நாம் கவனமாக இருக்க வேண்டும். வாத்து ஈரத்திலும் சேற்றிலும் முட்டையிடும். ஓட்டின் துளைகள் வழியே கிருமி உள்ளே போகலாம். ஆகவே அழுக்கு முட்டையையும் விரிசல் விட்டதையும் கொள்முதலிலேயே ஒதுக்கிவிடுவோம். வாங்குபவரிடம், "ஆஃப்பாயில் வேண்டாம், கொதித்தபின் 10 நிமிடம் முழுதாக வேகவையுங்கள்" என்று சொல்லியே கொடுப்போம்.