மாமாவின் தாளில் ஒரு தவறான எண்

மதுரையில் என் தாய்மாமா வீட்டுத் தரகர். வாடகைக்கும் விலைக்கும் வரும் வீடுகளை இரண்டு இணையத் தளங்களில் விளம்பரம் செய்கிறார். யாரேனும் விசாரித்தால் அவருக்கு மின்னஞ்சல் வரும். அதை அனுப்புவது தளமேயன்றி விசாரித்தவர் அல்லர். ஆகவே பதில் எழுதிப் பயனில்லை. உள்ளே இருக்கும் தொலைபேசி எண்ணைத் தேடி எடுத்து அழைக்க வேண்டும். மாமா அவற்றைப் பழைய நாட்குறிப்பில் எழுதி வைப்பார், பாதி விட்டுப்போகும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான் என்பதால், இந்த வேலை என் தலையில் விழுந்தது. ஜிமெயிலில் அவ்வஞ்சல்களுக்குத் தனி லேபிள் இட்டேன். பத்து நிமிடத்திற்கு ஒருமுறை ஒரு சிறு நிரல் அவற்றைப் படித்து, தேதி, பெயர், எண், வீடு ஆகியவற்றைக் கூகுள் தாளில் வரிசையாக எழுதும். 'அழைத்த நாள்', 'முடிவு' என்ற இரு கட்டங்களை மாமா நிரப்புவார்.

ஒரே ஆள் இரு தளங்களிலும் விசாரிப்பதுண்டு. ஓரிடத்தில் எண்ணுக்கு முன் +91 இருக்கும், மற்றதில் 0 இருக்கும். இருவராகத் தோன்றாமலிருக்க, கடைசிப் பத்து இலக்கங்களை மட்டும் எடுத்தேன்:

```
var m = body.match(/Mobile:\s*([+\d\s-]+)/);
var key = m[1].replace(/\D/g, '').slice(-10);
```

இரண்டு வாரம் சென்றபின் மாமா முகம் வாடி வந்தார். "என்னடா மாப்பிள்ளை, கூப்பிட்டா யார் யாரோ எடுத்துத் திட்டுறாங்க!" என்றார். எண்கள் பத்து இலக்கத்தோடு சரியாகவே தோன்றின. வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். 2 BHK வீடு கேட்ட எல்லோருடைய எண்ணும் 2-இலும், 3 BHK கேட்டவர் எண் 3-இலும் முடிந்திருந்தது! அதுவும் ஒரு தளத்திலிருந்து வந்தவற்றில் மட்டும்.

காரணம் `\s` என்னும் குறி. அது இடைவெளியை மட்டுமன்றி, வரி முடிவையும் ஏற்கும். அத்தளத்தின் அஞ்சலில் எண்ணுக்கு அடுத்த வரி "2 BHK" என்று தொடங்குகிறது. நிரல் வரியைத் தாண்டி அந்த 2-ஐயும் அள்ளிக்கொண்டது. பின்பு கடைசிப் பத்தை வெட்டியபோது, எண்ணின் முதல் இலக்கம் விழுந்து, 2 வாலில் ஒட்டிக்கொண்டது. எண்ணிப் பார்க்குமுன் வெட்டியதுதான் நான் செய்த பிழை. பதின்மூன்று இலக்கம் இருந்ததை அந்த வெட்டு மறைத்துவிட்டது.

அடைப்புக்குள் இருந்ததை `[+\d -]+` என மாற்றினேன். இப்போது வெட்டுமுன் எண்ணுகிறேன்: வெறும் பத்து, 0-வுடன் பதினொன்று, 91-உடன் பன்னிரண்டு. வேறெதுவானாலும், `Mobile:` என்ற சொல்லே இல்லையென்றாலும், அந்த அஞ்சல் 'கையால் பார்க்க' என்ற தாளுக்குப் போகும். தளம் தன் அஞ்சலின் அமைப்பை மாற்றினால் முதலில் அங்கேதான் தெரியும்.

பழைய அஞ்சல்கள் லேபிளில் அப்படியே இருந்ததால் மீண்டும் படிக்க வைத்தேன். பதினான்கு எண்கள் திருந்தின. மாமா அன்று மாலையே அவர்களை அழைத்தார். ஐந்து பேர் வேறு தரகர் மூலம் வீடு பார்த்துவிட்டிருந்தார்கள்.