ஒரு டீச்சர் லீவு... கூடுதல் கிளாஸ் மட்டும் ஏன் எப்பவும் அதே ஆளுக்கு?

காலை 8.40 மணி. ஸ்டாஃப் வாட்ஸ்அப் குரூப்பில் ஆங்கில டீச்சரின் மெசேஜ் வருகிறது: ‘சார், இன்னிக்கு சி.எல். வேணும்.’ முதல் பெல் அடிக்க இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கிறது. உதவித் தலைமை ஆசிரியர் ஸ்டாஃப் ரூமை எட்டிப் பார்க்கிறார். முதலில் கண்ணில் படுவது சமூக அறிவியல் சார். ‘ஃபர்ஸ்ட் பீரியட் 8-பி-க்கு கொஞ்சம் போயிடுங்க சார்.’

அவரும் போய்விடுகிறார். நாளைக்கு வேறு யாராவது லீவு போட்டாலும் அவர்தான் போவார். தூத்துக்குடி நகரப் பள்ளியோ, கடற்கரைக் கிராமத்துப் பள்ளியோ, இந்தக் காட்சி ஆசிரியர்களுக்குப் பழகிப்போன ஒன்று. இதைச் சரிசெய்ய என்ன வழி?

ஏன் அதே ஆள்?

பெரும்பாலும் இதில் பாரபட்சம் இல்லை. அவசரம்தான் காரணம். சீக்கிரம் வருபவர், மறுத்துப் பேசாதவர், முதல் பீரியட் ஃப்ரீயாக இருப்பவர் என்று யாருக்கு இந்த மூன்றும் பொருந்துகிறதோ, அவர் தலையில்தான் வேலை விழும். டைம் டேபிள் வருடம் முழுக்க மாறாது. அதனால் இன்று மாட்டியவர் அடுத்த வாரமும் மாட்டுவார்.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு: ‘ஃப்ரீ பீரியட்னா சும்மா இருக்கிற நேரம்தானே?’ இல்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009, ஆசிரியருக்கு வாரம் குறைந்தது 45 மணி நேரப் பணி என்று சொல்லும்போது, பாடம் தயாரிக்கும் நேரத்தையும் அதற்குள்தான் சேர்க்கிறது. ஃப்ரீ பீரியட் பறிபோனால் நோட்டுத் திருத்துவது வீட்டுக்குப் போகும்.

ஒரு நாள் கணக்கு

தீர்வுக்கு சாஃப்ட்வேர் தேவையில்லை. யார் எத்தனை முறை மாற்று வகுப்புக்குப் போனார் என்று எழுதும் ஒரு நோட்டு போதும். ஓர் உதாரணம் பார்ப்போம்.

லீவில் இருக்கும் ஆங்கில டீச்சருக்கு அன்று 1, 2, 4, 6, 7 ஆகிய ஐந்து பாடவேளைகளில் வகுப்பு. மற்றவர்கள் இந்த மாதம் இதுவரை போன மாற்று வகுப்புகள்: சமூக அறிவியல் சார் 9, பி.டி. சார் 5, அறிவியல் டீச்சர் 4, தமிழ் ஐயா 3, கணக்கு டீச்சர் 2. எல்லோருக்கும் சொந்த வகுப்புகள் ஏறக்குறைய சமம் என்று வைத்துக்கொள்வோம்.

அந்த ஐந்து பாடவேளைகளில் யார் ஃப்ரீ?

- 1-வது: சமூக அறிவியல் சார், தமிழ் ஐயா
- 2-வது: சமூக அறிவியல் சார், அறிவியல் டீச்சர்
- 4-வது: தமிழ் ஐயா, கணக்கு டீச்சர்
- 6-வது: சமூக அறிவியல் சார் மட்டும்
- 7-வது: சமூக அறிவியல் சார், பி.டி. சார்

கண்ணில் பட்டவரை அனுப்பினால் 1, 2, 6, 7 நான்கும் சமூக அறிவியல் சாருக்கே போகும். அவருக்கு அன்று சொந்த வகுப்பு நான்கு. ஆக, எட்டு பாடவேளையும் நின்றுகொண்டே இருப்பார். நோட்டில் அவர் கணக்கு 13 ஆகிவிடும்.

இப்போது இரண்டு விதி வைப்போம். ஒருவருக்கு ஒரு நாளில் ஒரு மாற்று வகுப்புதான். இரண்டு பேர் ஃப்ரீயாக இருந்தால், நோட்டில் எண்ணிக்கை குறைவாக இருப்பவர் போவார்.

பெல் வரிசையில் ஆரம்பிக்கக் கூடாது. ஆள் குறைவாகக் கிடைக்கும் பாடவேளையை முதலில் நிரப்ப வேண்டும். 6-வதுக்கு சமூக அறிவியல் சார் மட்டும்தான், அதனால் அதை முதலில் அவருக்கு எழுதிவிடலாம். அன்றைக்கு அவர் கோட்டா முடிந்தது. 1-வது தமிழ் ஐயாவுக்கு, 2-வது அறிவியல் டீச்சருக்கு, 7-வது பி.டி. சாருக்குப் போகும். தமிழ் ஐயா ஏற்கெனவே ஒன்று எடுத்துவிட்டதால் 4-வது கணக்கு டீச்சருக்கு. ஐந்து வகுப்பு, ஐந்து பேர், ஆளுக்கு ஒன்று. சமூக அறிவியல் சார் கணக்கு 13-க்குப் பதில் 10-ல் நிற்கும்.

நோட்டு ஏமாற்றும் இடங்கள்

எண்ணிக்கையை மட்டும் நம்பினால் இரண்டு இடத்தில் சறுக்கும். ஒன்று, சொந்த வகுப்புகள் சமமாக இல்லாதபோது. வாரம் 24 வகுப்பு எடுப்பவர் கூடுதலாக ஐந்து எடுத்தாலும் 29தான். சொந்தமாகவே 30 எடுப்பவருக்கு ‘நீங்க ஒண்ணுகூட போகலையே’ என்று சொல்வது நியாயமில்லை. அப்படிப்பட்ட பள்ளியில் சொந்த வகுப்பையும் மாற்று வகுப்பையும் கூட்டித்தான் ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது, புதிதாகச் சேர்ந்தவர், நீண்ட லீவு முடிந்து வந்தவர். அவர்கள் கணக்கு பூஜ்யத்தில் இருக்கும். விதியை அப்படியே பின்பற்றினால் அடுத்த சில வாரங்களுக்கு எல்லா மாற்று வகுப்பும் அவர்களுக்கே விழும். வந்த அன்றே அவர்கள் கணக்கை மற்றவர்களின் சராசரிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். மேலே உள்ள ஐந்து பேரில் சராசரி 4.6, அதாவது சுமார் 5-லிருந்து அவர் தொடங்கலாம்.

மாதக் கடைசியில் நோட்டைத் திறந்து, அதிகம் போனவரையும் குறைவாகப் போனவரையும் பாருங்கள். ஒருவர் 14, இன்னொருவர் 2 என்றிருந்தால், பிரச்னை டைம் டேபிளில் இருக்கலாம். எல்லோருடைய ஃப்ரீ பீரியடும் நடுப்பகலில் குவிந்து, முதல் பாடவேளைக்கு ஒரே ஒரு ஆள்தான் கிடைக்கிறாரா என்று பார்க்க வேண்டும். அப்படியானால் அட்டவணையில் ஒரு வகுப்பை இடம் மாற்றினாலே பாதிச் சிக்கல் தீரும்.

முன்பே தெரியும் லீவுகள்

எல்லா லீவும் 8.40 மணிக்குத் தெரிய வருவதில்லை. பனிமய மாதா பேராலயத் திருவிழா ஜூலை 26-ல் கொடியேறி ஆகஸ்ட் 5-ல் முடியும். 2025-ல் ஆகஸ்ட் 5 செவ்வாய்க்கிழமை. மாவட்டத்துக்கு அன்று உள்ளூர் விடுமுறை. ஞாயிறுக்கும் விடுமுறைக்கும் நடுவில் மாட்டிய திங்கள்கிழமைக்கு யார்தான் லீவு கேட்க மாட்டார்கள்? இப்படிப்பட்ட நாட்களுக்கு இரண்டு வாரம் முன்பே பெயர் வாங்கி, ஒரு நாளில் இத்தனை பேருக்குத்தான் என்று வரம்பு வைத்தால் மாற்று வகுப்புகள் தாங்கும் அளவில் நிற்கும்.

தேர்தல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணப் பணிகளுக்கு ஆசிரியர்களை அனுப்பச் சட்டத்தின் 27-வது பிரிவு அனுமதிக்கிறது. இவற்றில் பேரிடர் தவிர மற்ற இரண்டுக்கும் தேதி முன்பே தெரிந்துவிடும்.

நோட்டு போதாத இடம்

மகப்பேறு விடுப்பு அப்படிப்பட்ட ஒன்று. தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் அது ஓர் ஆண்டு. வாரம் 28 வகுப்பு எடுப்பவர் போனால், அதைத் தினமும் காலையில் பிரித்துக்கொண்டிருக்க முடியாது. அந்தப் பாடத்துக்குத் தற்காலிக ஆசிரியர் கிடைக்கிறாரா என்று பார்க்க வேண்டும். கிடைக்கும் வரை டைம் டேபிளையே புதிதாகப் போட வேண்டும். மாற்று வகுப்பு என்ற பெயரில் ஒரு வருடம் ஓட்டினால், அந்தப் பிள்ளைகளுக்குப் பாடமே நடக்காது.

கடற்கரைக் கிராமங்களின் சிறிய தொடக்கப் பள்ளிகளில் சிக்கல் இன்னும் பெரிது. 60 மாணவர்கள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்பது சட்டம் சொல்லும் குறைந்தபட்சம். அதில் ஒருவர் லீவு என்றால், ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஒரே அறையில், ஒரே டீச்சரிடம். அங்கே ஃப்ரீ பீரியடும் இல்லை, பங்கிட ஆளும் இல்லை. வட்டாரக் கல்வி அலுவலர் பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒருவரை மாற்றுப்பணியில் அனுப்பினால்தான் உண்டு. ஆகவே ‘யார் எத்தனை முறை போனார்’ என்ற அந்த நோட்டு, அங்கே வட்டார அலுவலகத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரோட்டோரம் இருக்கும் அதே பள்ளியிலிருந்து, மறுக்காத அதே டீச்சர்தான் ஒவ்வொரு முறையும் பஸ் ஏறுவார்.