வலமிருந்து படிக்க வேண்டிய முகவரி

2016 மார்ச் 19, சனிக்கிழமை. அமெரிக்க அதிபர் தேர்தலில் ஹிலாரி கிளின்டனின் பிரசாரக் குழுத் தலைவராக இருந்த ஜான் பொடெஸ்டாவின் ஜிமெயிலுக்கு, கூகுள் அனுப்பியது போன்ற ஒரு மின்னஞ்சல் வந்தது. உக்ரைனிலிருந்து யாரோ உங்கள் பாஸ்வேர்டைப் பயன்படுத்தி உள்ளே நுழையப் பார்த்தார்கள், நாங்கள் தடுத்துவிட்டோம், உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்றது. கீழே நீல நிறத்தில் ஒரு பொத்தான். கூகுள் வழக்கமாக அனுப்பும் எச்சரிக்கை என்ன நிறத்தில், என்ன வடிவத்தில் இருக்குமோ, அச்சு அசலாக அப்படியே இருந்தது.

பொடெஸ்டாவின் அலுவலக உதவியாளர் ஒருவர் அதைப் பார்த்தார். சந்தேகம் வந்ததும், எந்த நிறுவனத்தின் பயிற்சி வகுப்பிலும் சொல்லித்தரும் காரியத்தைத்தான் செய்தார். பொத்தானைத் தொடாமல், பிரசார அலுவலகத்தின் கணினி உதவிப் பிரிவுக்கு அந்த மின்னஞ்சலை அனுப்பிக் கேட்டார். உதவிப் பிரிவு ஊழியர் உடனே பதில் எழுதினார்: இது உண்மையான மின்னஞ்சல்தான், அவர் உடனடியாகப் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். போலி என்று எழுத நினைத்தேன், கை தவறிவிட்டது என்று அவர் பிற்பாடு நியூயார்க் டைம்ஸ் இதழிடம் சொன்னார். ஆனால் அதே பதிலில் அவர் கூகுளின் சரியான முகவரியையும் கொடுத்திருந்தார். அந்த முகவரியில் போய் மாற்றியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. மாற்ற முனைந்தவர்கள் போனதோ பழைய மின்னஞ்சலில் இருந்த நீலப் பொத்தான் வழியாக.

இரண்டு நாளில் 50,000-க்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் களவு போயின. அதே ஆண்டு அக்டோபர் 7 முதல் விக்கிலீக்ஸ் அவற்றைத் தவணை தவணையாக வெளியிட்டது. ரஷ்ய ராணுவ உளவுத்துறை அதிகாரிகள் 12 பேர் மீது அமெரிக்க நீதித்துறை 2018 ஜூலையில் பதிவுசெய்த குற்றப்பத்திரிகையில் இந்தத் திருட்டும் இருக்கிறது.

அந்தப் பொத்தானுக்குப் பின்னால் இருந்தது bit.ly என்று தொடங்கும் ஒரு குறுக்கு இணைப்பு. அது கொண்டுபோய்விட்ட இடத்தின் முகவரி இப்படித் தொடங்கியது:

```
myaccount.google.com-securitysettingpage.tk
```

இடமிருந்து படிக்கும் கண்ணுக்கு myaccount, google, com என்று எல்லாம் சரியாகவே தெரியும். ஏமாற்றும் வேலை அந்தப் பழக்கத்தை நம்பித்தான் நடக்கிறது. தபால் உறையில் ஊர் கடைசி வரியில் வருவதுபோல, இணைய முகவரியிலும் உடைமையாளர் யார் என்பது கடைசியில்தான் தெரியும். https:// என்பதை விட்டுவிட்டு, அதற்கடுத்து வரும் முதல் சாய்கோடு வரைதான் கணக்கு. அந்தச் சாய்கோட்டிலிருந்து வலமிருந்து இடமாக வர வேண்டும். முதலில் .tk. அது பசிபிக் கடலிலுள்ள டோக்லாவ் தீவுகளுக்கு உரிய குறியீடு. அன்று யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பதிவுசெய்துகொள்ள முடிந்தது. அதற்கு முன்னால் உள்ள புள்ளி வரை போனால் com-securitysettingpage. ஆக, அந்தத் தளத்தின் பெயர் com-securitysettingpage.tk. com-க்கும் security-க்கும் நடுவில் இருப்பது புள்ளியல்ல, சிறு கோடு. அந்தக் கோட்டில்தான் மோசடி முழுவதும் இருந்தது. இடப்பக்கம் நிற்கும் google என்பது, தளத்தை வாங்கியவர் தன் விருப்பப்படி முன்னால் ஒட்டிக்கொண்ட அலங்காரம்.

நம் ஊரில் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவருக்கு வருமான வரி ரீஃபண்ட் என்று ஓர் இணைப்பு வந்தாலும் இதே வாசிப்புத்தான். உண்மையான தளத்தில் incometax.gov.in என்பதோடு பெயர் முடிந்து, உடனே சாய்கோடு வரும். gov.in-க்குப் பிறகு இன்னொரு புள்ளியோ சிறு கோடோ போட்டு வேறு பெயர் தொடர்ந்தால், அந்தத் தளம் அரசுடையது அல்ல. .co.in, .gov.in போன்றவை இரண்டு துண்டாக வரும் என்பதால், அவற்றுக்கு மட்டும் இன்னும் ஒரு துண்டு இடப்பக்கம் சேர்த்துப் பார்க்க வேண்டும். கணினியில் பொத்தானைச் சொடுக்காமல் சுட்டியை அதன்மேல் வைத்திருந்தால் முகவரி திரையின் கீழ்ப்பகுதியில் தெரியும். கைபேசியில் அழுத்திப் பிடித்தால் காட்டும். ஆனால் சிறிய திரையில் நீண்ட முகவரியின் தலைப்பகுதி மட்டுமே தெரிந்து, பார்க்க வேண்டிய பகுதி மறைந்துபோகும். பாஸ்வேர்ட் கேட்கும் மின்னஞ்சலைக் கைபேசியில் வைத்துத் தீர்மானிக்காமல் இருப்பது நல்லது.

சில பழைய அறிவுரைகளுக்கு இன்று அவ்வளவு மதிப்பில்லை. எழுத்துப் பிழை இருந்தால் போலி என்பார்கள். பிழையில்லாமல் எழுதத் தெரிந்த மோசடிக்காரர்கள் ஏராளம். முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் பாதுகாப்பு என்பார்கள். உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே போகிற தகவலை நடுவில் யாரும் படிக்க முடியாது என்பதற்குத்தான் பூட்டு. அந்தத் தளமே திருடனுடையது என்றால், பூட்டு திருடனிடம் பத்திரமாகக் கொண்டு சேர்க்கும். அனுப்பியவர் பெயராகத் திரையில் மேலாளரின் பெயர் தெரிவதும் அத்தாட்சி ஆகாது. அந்த இடத்தில் யாரும் எந்தப் பெயரையும் எழுதிக்கொள்ளலாம்.

பொடெஸ்டா விவகாரத்தை வெறும் கைத்தவறு என்று ஒதுக்கிவிட முடியாது. அங்கே புகார் போன விதத்திலேயே ஓட்டை இருந்தது. சந்தேகத்துக்குரிய மின்னஞ்சலைச் சாதாரணமாக ஃபார்வர்ட் செய்தால், அதன் பொத்தான் உயிரோடு கூடவே பயணம் போகிறது. கேள்வி, பதில், அதற்குப் பதில் என்று வளரும் ஒவ்வொரு மின்னஞ்சலின் அடியிலும் அந்தப் பொறி திறந்தே கிடக்கும். சரியான முகவரி மேலே இருந்தும், பழக்கப்பட்ட நீலப் பொத்தானுக்கே கை போனதில் ஆச்சரியமில்லை. மேலும், மின்னஞ்சல் எந்தெந்தக் கணினிகள் வழியாக வந்தது என்ற விவரம் அதன் மறைவான தலைப்பகுதியில் இருக்கிறது. சாதாரண ஃபார்வர்டில் அது தொலைந்துபோகும். விசாரிப்பவருக்கு வேண்டியது அதுதான்.

அதனால்தான் ஜிமெயிலிலும் அவுட்லுக்கிலும் புகாருக்கென்றே தனிப் பொத்தான் வைத்திருக்கிறார்கள். ஜிமெயிலில் மூன்று புள்ளிப் பட்டியலுக்குள் Report phishing, அவுட்லுக்கில் Report. நிறுவனம் பாதுகாப்புப் பிரிவுக்கென்று தனி மின்னஞ்சல் முகவரி கொடுத்திருந்தால் Forward as attachment என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். மூல மின்னஞ்சல் தலைப்பகுதி கலையாமல் ஒரு கோப்பாகப் போய்ச் சேரும். எப்போது வந்தது, யாராவது சொடுக்கினார்களா, பாஸ்வேர்ட் எதுவும் கொடுக்கப்பட்டதா என்று இரண்டு வரி கூட எழுதினால் போதும். பக்கத்து மேசைக்காரரிடம் ‘இதைக் கொஞ்சம் பாருங்க’ என்று அனுப்பிவைப்பது புகாரில் சேராது. அது இன்னொருவரையும் வலைக்குள் இழுப்பது.

புகார் சரியான இடத்துக்கு விரைவாகப் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2022 ஜூலை 20 அன்று கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தில் நடந்ததைப் பார்க்கலாம். அங்கே தூண்டில் மின்னஞ்சலாக வராமல் குறுஞ்செய்தியாக வந்தது. உங்கள் பணி நேர அட்டவணை மாறியிருக்கிறது, பார்க்க இங்கே தொடுங்கள் என்று சொல்லி cloudflare-okta.com என்ற இணைப்பைக் கொடுத்தது. ஆக்டா என்பது அந்த நிறுவன ஊழியர்கள் அன்றாடம் பயன்படுத்தும் நுழைவுச் சேவை. இங்கும் சிறு கோடுதான். நிறுவனத்தின் தளம் cloudflare.com; கோட்டோடு வரும் இந்தப் பெயரைச் செய்தி கிளம்புவதற்கு 40 நிமிடத்துக்கும் குறைவான நேரத்துக்கு முன்புதான் யாரோ பதிவுசெய்திருந்தார்கள்.

குறைந்தது 76 ஊழியர்களுக்கு ஒரே நிமிடத்துக்குள் செய்தி போனது. சிலருடைய குடும்பத்தாருக்கும் போனது. அடுத்த நிமிடமே புகார்கள் வரத் தொடங்கின. மூன்றாவது நிமிடத்தில், நிறுவனக் கணினிகளிலிருந்து அந்தத் தளத்துக்குப் போக முடியாதபடி தடை இருப்பதைப் பாதுகாப்புப் பிரிவு உறுதி செய்தது. ஒன்பதாவது நிமிடத்தில் எல்லா ஊழியர்களுக்கும் எச்சரிக்கை. அரைமணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் போனதும் அந்தப் போலித் தளத்தையே மூடவைத்துவிட்டார்கள்.

இவ்வளவு வேகத்திலும் 3 பேர் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டிருந்தார்கள். இணையப் பாதுகாப்பையே தொழிலாகக் கொண்ட நிறுவனத்தில் இது நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். போலித் தளம் அந்தப் பாஸ்வேர்டை டெலிகிராம் வழியே உடனுக்குடன் திருடர்களுக்கு அனுப்பிவிட்டு, அடுத்ததாக ஓடிபி கேட்டது. ஓடிபி இருந்தால் பயமில்லை என்று நினைப்பவர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். நீங்கள் போலித் தளத்தில் அடிக்கும் ஆறு எண்ணை, காலாவதியாகும் முன்பே திருடர் உண்மைத் தளத்தில் அடித்துவிட முடியும். கிளவுட்ஃபிளேர் தப்பித்ததற்குக் காரணம், அங்கே ஓடிபியே கிடையாது. ஒவ்வொருவருக்கும் கணினியில் செருகும் சிறு பாதுகாப்புச் சாவி கொடுத்திருந்தார்கள். தளத்தின் முகவரியோடு பிணைக்கப்பட்ட சாவி அது; வேறு முகவரியில் பதில் தராது. மனிதக் கண் தவறவிட்ட சிறு கோட்டை அந்தச் சாவி தவறவிடாது. ஏறக்குறைய அதே நேரத்தில் அதே மாதிரி தாக்குதலுக்கு ஆளான ட்விலியோ நிறுவனத்துக்குள் திருடர்கள் நுழைந்தார்கள், வாடிக்கையாளர்களின் தகவல்களையும் பார்த்தார்கள்.

ஏமாந்த அந்த மூவரையும் கிளவுட்ஃபிளேர் கண்டிக்கவில்லை. இதை அந்த நிறுவனமே வெளிப்படையாக எழுதியது. இதைப் பெருந்தன்மை என்று பாராட்டுவதைவிட நல்ல கணக்கு என்று சொல்வது பொருந்தும். சொடுக்கியவருக்கு மெமோ கொடுக்கும் அலுவலகத்தில், அடுத்த முறை சொடுக்குபவர் வாயைத் திறக்க மாட்டார். பாதுகாப்புப் பிரிவுக்கு அதிகம் உதவும் தகவலோ அவரிடம்தான் இருக்கிறது: எத்தனை மணிக்கு, எந்தக் கணினியில், எந்தப் பாஸ்வேர்ட். அது தெரிந்தால் அந்தக் கணக்கின் திறந்த நுழைவுகளையெல்லாம் துண்டித்து, பாஸ்வேர்டை மாற்றிவிடலாம். தெரியாவிட்டால் திருடர் உள்ளே உட்கார்ந்திருப்பதே தெரியாது.

தனிப் பாதுகாப்புப் பிரிவெல்லாம் இல்லாத அலுவலகங்கள்தான் நம்மிடம் அதிகம். ஐடி வேலையைப் பார்ப்பவர் ஒருவர். சில இடங்களில் அவரும் வெளியிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை வருபவர். அப்படியானால் அவருடைய கைபேசி எண் எல்லாருடைய மேசையிலும் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அவர் கிடைக்காத நேரத்தில் யாரிடம் சொல்வது என்பதும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். நிறுவனத்துக்கு வெளியே சொல்லும் பொறுப்பு அவருடையது அல்லது நிர்வாகத்தினுடையது. மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவில், பிஷிங் உள்ளிட்ட இணையத் தாக்குதல்களைக் கண்டறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. incident@cert-in.org.in என்ற முகவரிக்கு எழுதலாம். பணமே போய்விட்டது என்றால் யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் 1930-ஐ அழைத்து, வங்கிக்கும் தகவல் சொல்லி, cybercrime.gov.in தளத்தில் புகாரைப் பதிவுசெய்ய வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவிப் போவதற்குள் சொன்னால்தான் வங்கிகளால் அதை வழியில் முடக்க முடியும். பரிமாற்ற எண், நேரம், தொகை மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசினால் வேலை சீக்கிரம் நடக்கும்.