பதினெட்டுப் பதில்கள், இரண்டே கேள்விகள்

"சனிக்கிழமை காலை 10 மணிக்கு மாடி ஹாலில் பயிற்சி வகுப்பு" என்று ஓர் அலுவலகத்தில் 40 பேருக்கு மின்னஞ்சல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மதியத்துக்குள் 18 பதில்கள், எல்லாமே Reply all. ஒன்பது பேர் "ஓகே சார்". இரண்டு பேர் "மறுபடியும் சனிக்கிழமையா!" ஒருவர் "சாப்பாடு உண்டா?" என்று கேட்க, மூன்று பேர் பிரியாணியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். நடுவே ஒருவர், அந்த ஹாலின் புரொஜெக்டர் போன வாரமே வேலை செய்யவில்லை என்கிறார். இன்னொருவர் அன்று மதுரையில் ஆடிட்டில் இருப்பாராம். கடைசியாக ஒரு குரல்: "என்னை ஏன் இதில் சேர்த்தீர்கள்?"

வகுப்பை நடத்துபவர் ஒவ்வொரு வரியிலும் பார்க்க வேண்டியது, இதனால் யாராவது ஏதாவது செய்தாக வேண்டுமா என்பதைத்தான். அப்படிப் பார்த்தால் மிஞ்சுவது புரொஜெக்டரும் மதுரையும். "ஓகே"வுக்குப் பதில் தேவையில்லை. சனிக்கிழமை முணுமுணுப்புக்கும் எழுத்தில் பதில் சொல்லாமல் இருப்பதே நல்லது. சாப்பாட்டுக் கேள்வி விளையாட்டாகத் தோன்றினாலும் விடை 40 பேருக்கும் வேண்டும். ஆனால் ஹாலே மாறக்கூடும் என்பதால் இப்போது வேண்டாம்.

இனி எழுத வேண்டியது இவ்வளவே:

"பராமரிப்புப் பிரிவுக்கு: மாடி ஹால் புரொஜெக்டர் வெள்ளி மாலை 3 மணிக்குள் சரியாகுமா? இல்லையென்றால் கீழ்த்தள அறைக்கு மாற்றிவிடுகிறேன்.
கணக்குப் பிரிவுக்கு: ஆடிட் முடித்து வாருங்கள், அடுத்த வகுப்பில் சேர்த்துக்கொள்கிறேன்.
மற்றவர்களை இந்த அஞ்சலிலிருந்து எடுத்துவிட்டேன்."

To-வில் அந்த இருவர். வகுப்புக்கு ஏற்பாடு செய்யச் சொன்ன மேலாளர் Cc-யில். 40 பெயர்களை ஒவ்வொன்றாக நீக்குவதைவிடப் புதிய அஞ்சல் தொடங்குவது சுலபம். பழைய சங்கிலியும் ஒட்டிக்கொண்டு வராது. அடியில் கிடக்கும் "மறுபடியும் சனிக்கிழமையா" மேலாளர் கண்ணில் படுவதில் யாருக்கு லாபம்?

ஹால் முடிவானதும் சாப்பாட்டுத் தகவலையும் சேர்த்து எல்லோருக்கும் ஒரே அறிவிப்பு. அதில் 40 முகவரிகளும் Bcc-யில் இருக்கட்டும். அங்கே இருப்பவர் Reply all அழுத்தினாலும், அது அனுப்பியவருக்கும் To, Cc-யில் உள்ளவர்களுக்கும்தான் போகும். Bcc-யில் இருக்கும் மற்றவர்களுக்குப் போகாது. ஆனால் முதல் அஞ்சலில் யாரையும் Bcc-யில் ஒளித்து வைக்கக் கூடாது. அவர் மறந்துபோய் எல்லோருக்கும் பதில் போட்டால், ஒளிந்திருந்தது தெரிந்துவிடும்.

"என்னை ஏன் சேர்த்தீர்கள்" என்றவரை அலட்சியப்படுத்த முடியாது. 2016 நவம்பரில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரச் சேவையில், ஒரு சோதனை அஞ்சல் தவறுதலாகச் சுமார் 8.4 லட்சம் பேருக்குப் போனது. "என்னை நீக்குங்கள்" என்று பலர் எல்லோருக்கும் பதில் அனுப்ப, அஞ்சல் சேவையே திணறிப்போனது. ஆகவே அவருக்குத் தனியாக ஒரு வரி எழுதி, முகவரிப் பட்டியலைப் பராமரிப்பவரிடம் சொல்லி அவர் பெயரை எடுக்க வேண்டும். பட்டியலில் பெயர் இருக்கும்வரை, அடுத்த அறிவிப்பும் அவருக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும்.