0.7 ஜூல் எங்கே போகிறது?

ஒரு மோல் நைட்ரஜன் வாயுவை அறை வெப்பநிலையில், அழுத்தம் மாறாமல், ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 29.1 ஜூல் வெப்பம் வேண்டும். நைட்ரிக் ஆக்சைடும் இரண்டு அணுக்கள் சேர்ந்த மூலக்கூறுதான். ஆனால் அதற்கு 29.8 ஜூல் தேவைப்படுகிறது. இந்த 0.7 ஜூலில் பெரும்பகுதி எலெக்ட்ரான்களுக்குப் போகிறது.

நைட்ரிக் ஆக்சைடு மூலக்கூறில் ஜோடி சேராத எலெக்ட்ரான் ஒன்று உண்டு. அதனால் மூலக்கூறின் அடிமட்டத்துக்குச் சற்று மேலே இன்னொரு ஆற்றல் மட்டம் இருக்கிறது. இரண்டுக்கும் இடையிலான ஆற்றல் இடைவெளியை வெப்பநிலையாகச் சொன்னால் 174 கெல்வின். சூடு ஏற ஏற மூலக்கூறுகள் மேல்மட்டத்துக்குப் போகின்றன. எத்தனை போகும் என்பதை போல்ட்ஸ்மன் விதி சொல்லிவிடும்.

தனித்தனியாக நிற்கும் 10,000 மூலக்கூறுகளை எடுத்துக்கொள்வோம். 20 கெல்வினில் மேலே இருப்பவை இரண்டுதான். 73 கெல்வினில் சுமார் 840, அறை வெப்பநிலையான 300 கெல்வினில் சுமார் 3,600. எவ்வளவு சூடாக்கினாலும் இந்த எண்ணிக்கை பாதியான 5,000-ஐ நெருங்குமே தவிர, தாண்டாது.

வெப்ப ஏற்புத்திறனைத் தீர்மானிப்பது மேலே எத்தனை இருக்கின்றன என்பதல்ல. இன்னும் ஒரு டிகிரி கூட்டினால் புதிதாக எத்தனை ஏறும் என்பதே. 20 கெல்வினில் ஒன்றுகூட முழுதாக ஏறாது. கிடைக்கும் வெப்ப ஆற்றல் இடைவெளியைத் தாண்டப் போதாது. 73 கெல்வினில் 25 ஏறும். 300 கெல்வினில் நான்கைந்துதான் ஏறும். அங்கே வெப்ப ஆற்றலுக்குக் குறைவில்லை. ஆனால் ஏறுபவற்றோடு இறங்குபவையும் ஏறக்குறைய சமமாகி, மேல்மட்டம் தன் எல்லையை நெருங்கிவிட்டது. தொடக்கத்திலும் முடிவிலும் ஏற்றம் மந்தம் என்பதால், இடையில் ஓரிடத்தில் அது உச்சம் தொட்டே ஆக வேண்டும். வால்டர் ஷாட்கி 1922-இல் விளக்கிய இந்த மேடு இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது.

கணக்கின்படி நைட்ரிக் ஆக்சைடின் உச்சம் 73 கெல்வினில், மோலுக்கு 3.65 ஜூல். ஆனால் அந்த உச்சத்தை வாயுவில் அளக்க முடியாது. சுமார் 110 கெல்வினிலேயே அது உறைந்துவிடுகிறது. திண்மத்தில் மூலக்கூறுகள் இரண்டிரண்டாக இணைந்து எலெக்ட்ரான்களை ஜோடி சேர்த்துவிடுவதால், இந்த இரண்டு மட்டக் கணக்கு அங்கே செல்லாது. நமக்குக் கிடைப்பது உச்சத்தைத் தாண்டிய சரிவு மட்டுமே. அந்தச் சரிவில், அறை வெப்பநிலையில் வர வேண்டியது 0.65 ஜூல். மூலக்கூறு அதிர்வின் சிறு பங்கையும் கூட்டினால், முதலில் பார்த்த 0.7 ஜூல் வித்தியாசம் தீர்ந்துவிடுகிறது.

மேடு முழுதாகத் தெரியும் பொருள்களில் கணக்கைத் திருப்பிப் போடலாம். இரண்டு மட்டங்களும் சம எண்ணிக்கையிலான நிலைகள் கொண்டவையாக இருந்தால், உச்சம் தெரியும் வெப்பநிலையை 2.4-ஆல் பெருக்கினால் போதும். கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளியின் அளவு கெல்வினில் கிடைத்துவிடும்.