மணிவிழா வாழ்த்துப்பா

தந்தையின் மணிவிழாவுக்கு வாழ்த்துப்பா எழுத உட்காரும் மகனுக்கு முதற்சொல்லிலேயே ஒரு தடை எதிர்ப்படுகிறது. "வாழ்த்துகிறேன்" என்று எழுதலாமா? வாழ்த்துவது மூத்தோர் செயல். இளையவன் வணங்கலாமே ஒழிய வாழ்த்தலாகாது என்பது நம் வீட்டு வழக்கு. "வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்" என்று ஒலிபெருக்கி முன் சொல்லிவிட்டு இறங்கிவிடுவோர் பலர். அது அடக்கந்தான். ஆனால் பாட்டு எழுத வந்தவனுக்கு அது வழி காட்டாது.

இலக்கணம் வழி காட்டுகிறது. வாழ்க, காக்க, பெறுக என்று 'க' ஈற்றில் முடிவதை வியங்கோள் வினைமுற்று என்று பள்ளியில் படித்தோம். வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் என்ற நான்கு பொருளிலும் அது வரும். மூத்தவர் "வாழ்க" என்றால் அது வாழ்த்தல். மகன் தெய்வத்தை நோக்கிக் "காக்க" என்றால் அது வேண்டல். சொல்லின் வடிவம் ஒன்றே; யார் யாரிடம் சொல்கிறார் என்பதே மாறுகிறது. ஆகவே மகன் பாடும் பாட்டில் தந்தைக்கு வணக்கமும் தெய்வத்துக்கு வேண்டுகோளும் இருந்தால் போதும். மரபும் கெடாது, பாட்டும் வாழ்த்தாகவே நிற்கும்.

என் தந்தையார் 1965 ஆவணியில், விசுவாவசு ஆண்டில் பிறந்தவர். அறுபது ஆண்டுப் பெயர்களும் ஒரு சுற்று வந்து, 2025 ஆவணியில் அதே விசுவாவசு திரும்பியது. (இயற்பியல் மாணவன் சும்மா இருப்பானா? வியாழன் ஞாயிற்றைச் சுற்ற 11.86 ஆண்டு, சனி சுற்ற 29.46 ஆண்டு. வியாழனின் ஐந்து சுற்றுக்கு 59.3 ஆண்டு, சனியின் இரண்டு சுற்றுக்கு 58.9 ஆண்டு. அறுபது என்பது முழு எண்ணாக்கிய கணக்கு.) இருபத்தொரு வயதில் நெல்லைச் சீமையிலிருந்து நாகபுரிக்கு வந்து, இரயில்வேயில் சிக்னல் பராமரிப்பு வேலையில் சேர்ந்தவர் அவர். ஓய்வு பெற்றதும் மணிவிழா நடந்ததும் ஒரே மாதத்தில்.

எதைப் பாடுவது? அச்சிட்டுச் சட்டமிட்டுத் தரும் வாழ்த்து மடல்களைப் பாருங்கள். வள்ளல், குணக்குன்று, இமயம் என்றிருக்கும். பெயரை எடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்காரர் பெயரை வைத்தாலும் பொருந்தும். அப்படிப் பொருந்தினால் அது நம் தந்தையைப் பற்றிய பாட்டு அன்று. அவையில் இருப்பவர் "ஆம், நான் பார்த்திருக்கிறேன்" என்று தலையசைக்கக்கூடிய ஒரு செய்தி வேண்டும்.

எங்கள் வீட்டில் அது இரவு அழைப்பு. சிக்னல் பழுதானால் வண்டிகள் நின்றுவிடும். நள்ளிரவிலும் ஆள் வரும். அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்விடுவார். இதைப் பாடுவதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. எங்கள் பாட்டனார் மறைந்த இரவிலும் அப்பா வேலையிலேயே இருந்தார். ஊர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. "பெற்றவனுக்குக் கொள்ளி வைக்கவில்லை" என்ற பேச்சு உறவினரிடையே இன்றும் உண்டு. அவர்களும் விழாவுக்கு வந்திருந்தார்கள். மணவறையின் முன் வழக்காடலாகாது; அந்த இரவைப் பாட்டில் வைக்கவில்லை. மற்ற இரவுகள் எப்படியிருந்தன என்று மட்டும் சொன்னேன்.

இனி யாப்பு. வெண்பா காதுக்கு இனியதுதான், ஆனால் தளை தட்டாமல் எழுதுவது நம் போன்றோர்க்குக் கடினம். அறுசீர் விருத்தம் எளிது; மேடையில் படிக்கவும் ஏற்றது. அடிக்கு ஆறு சீர்; வாய்பாடு "விளம் மா தேமா" இருமுறை. குறிலோ நெடிலோ தனித்து வந்தால் நேரசை. இரு குறிலோ, குறிலும் நெடிலுமோ இணைந்தால் நிரையசை. மெய்யெழுத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா. இரண்டாம் அசை நிரையானால் விளம். இவ்வளவே வேண்டுவது. நான் எழுதிய முதற்பாட்டு இது:

இருளினில் அழைத்த போதும் எழுந்துபோய் விளக்கை ஏந்திப்
பெருமழை நனைத்த போதும் பிழையினைத் திருத்தி மீண்டீர்
ஒருவரும் அறியா வண்ணம் ஊர்திகள் ஓடச் செய்தீர்
திருவடி தொழுதேன் அப்பா தெய்வமே காக்க உம்மை.

முதலடியை அலகிட்டால், இரு-ளினில் கருவிளம், அழைத்-த புளிமா, போ-தும் தேமா; எழுந்-துபோய் கருவிளம், விளக்-கை புளிமா, ஏந்-தி தேமா. "இரவினில்" என்றாலும் சீர் கெடாது. ஆனால் பெரு, ஒரு, திரு என்று அடுத்த அடிகளில் இரண்டாம் எழுத்து 'ரு' வருவதால், "இருளினில்" என்றதும் எதுகை காதில் முழுமையாக விழுகிறது. மோனை முதற்சீரிலும் நான்காம் சீரிலும் அமையவேண்டும்: இ-எ, பெ-பி, ஒ-ஊ, தி-தெ.

மூன்றாம் அடியில் "இரயில்வண்டிகள்" என்று வைக்க ஆசை வரும். இர-யில்-வண்-டிகள் என நான்கு அசையாகி அது சீருக்குள் அடங்காது, "ஊர்திகள்" அடங்கும். "அறியா வண்ணம்" என்பதை "அறியாப் படியே" என்று மாற்றிப் பாருங்கள். பொருள் அதேதான். ஆனால் தேமா நிற்கவேண்டிய மூன்றாம் இடத்தில் புளிமா வந்து நா தடுக்கும். மேசையில் விரலால் தட்டிக்கொண்டே உரக்கப் படித்தால் சீர் பிறழும் இடத்தில் விரல் நின்றுவிடும். தாளில் கண்ணால் படித்தால் இது தெரிவதில்லை.

கடைசி அடியில் "அப்பா" என்றது சிலருக்குக் கொச்சையாகப் படலாம். செய்யுள் வழக்குப்படி "எந்தாய்" என்று விளிக்கலாம், அதுவும் தேமாவே. ஆனால் ஒலிபெருக்கியில் அது "என் தாய்" என்று கேட்கும். அருகில் அம்மா வேறு மாலையுடன் அமர்ந்திருப்பார்! வீட்டில் அழைக்கும் சொல்லே அந்த இடத்தில் கச்சிதமாகப் பொருந்தும்போது வேறு சொல்லைத் தேடுவானேன்?

அம்மாவுக்கு இரண்டாம் பாட்டு. மணிவிழா இருவருக்கும் உரியது. தந்தையை மட்டும் பாடி நிறுத்தினால் பாதி மணவறை வெறுமையாகிவிடும். அப்பா போன பிறகு விழித்திருந்தவர் அம்மா என்பதே அதன் பொருள். மூன்றாவது, வந்தவர்க்கு வணக்கம். மூன்றுக்கு மேல் கூடாது; சாப்பாட்டுப் பந்தி காத்திருக்கும்.

படிக்கும் முறை ஒன்று. அடிக்கு நடுவே, மூன்றாம் சீர் முடிந்ததும் சிறிது நிறுத்தவேண்டும். புணர்ச்சி விதியை நினைத்துக்கொண்டு "தொழுதேனப்பா", "காக்கவும்மை" என்று சேர்த்துப் படித்தால் பின்வரிசைக்குப் பொருள் போய்ச் சேராது, பிரித்தே படிக்கலாம். அப்பாவுடன் வேலை செய்தவர்கள் பலர் தமிழ் அறியாதவர்கள். படிக்குமுன் மூன்றாம் அடியின் பொருளை மட்டும் இந்தியில் இரண்டு வாக்கியத்தில் சொன்னேன். ஊர்திகள் என்ற இடத்தில் முதலில் தலையசைத்தவர்கள் அவர்கள்தாம்; அவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் ஊர்ப் பெரியப்பாவும் தலையசைத்தார்.