உட்கார்ந்து உடற்பயிற்சி: நாடி எப்போது உண்மை சொல்லும்?

நடைப்பயிற்சி போகிறவருக்கு நாடி பார்ப்பது ஒரு வேலையே இல்லை. ஓரமாக நின்று, மணிக்கட்டில் விரல் வைத்து, கடிகாரத்தைப் பார்த்தால் போதும். சக்கர நாற்காலியிலோ வீட்டு நாற்காலியிலோ உட்கார்ந்தபடி பயிற்சி செய்கிறவருக்கு அது அவ்வளவு எளிதல்ல. சக்கரத்தைத் தள்ளுவது, எடை தூக்குவது, கையால் பெடல் சுற்றுவது என்று எல்லாவற்றையும் கைதான் செய்கிறது. நாடியையும் அந்தக் கையில்தான் பார்க்க வேண்டும். கை ஓடும்போது எண்ண முடியாது. நிறுத்திவிட்டாலோ துடிப்பு சில நொடிகளிலேயே இறங்கத் தொடங்கிவிடும். போதாக்குறைக்கு, நடப்பவர்களுக்காகப் போட்ட கணக்குகள் பலவும் இவர்களுக்கு அப்படியே பொருந்துவதில்லை.

முதலில் ஓய்வு நாடி. ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். அதற்குச் சற்று முன்னால் காபி வேண்டாம். ஒரு கையை உள்ளங்கை மேல்நோக்க மடியில் கிடத்துங்கள். மற்றக் கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் கட்டைவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டு எலும்புக்கும் நரம்புபோல் புடைத்திருக்கும் தசைநாருக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் வையுங்கள். கட்டைவிரலால் பார்க்கக் கூடாது. அதற்கே ஒரு துடிப்பு உண்டு, எது எதுவென்று குழம்பும். துடிப்பு கிடைக்காவிட்டால் பெரும்பாலோர் இன்னும் அழுத்துவார்கள். அழுத்தினால் குழாய் நசுங்கி இருக்கிற துடிப்பும் போய்விடும். கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். ஓய்வில் ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். துடிப்புகள் சீராக இல்லாமல் முன்னும் பின்னுமாக வருகின்றனவா என்பது அப்போதுதான் தெரியும். அப்படி வந்தாலோ, அமைதியாக உட்கார்ந்திருக்கும்போதே 100ஐத் தாண்டியிருந்தாலோ, பயிற்சியைத் தள்ளிவைத்து மருத்துவரைப் பார்த்து ஈசிஜி எடுத்துவிடுவதுதான் சரி.

பயிற்சிக்கு நடுவே பார்ப்பதற்கு வேறு முறை. விரல் வைக்க வேண்டிய இடத்தில் முன்கூட்டியே பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். வியர்த்த கையில் இடம் தேடிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். சக்கர நாற்காலி என்றால் பிரேக்கைப் போட்டு, கையை மடியில் போட்டு, உடனே 10 நொடி எண்ணி 6ஆல் பெருக்குங்கள். ஒரு துடிப்போடு சேர்த்து நேரத்தைத் தொடங்கினால் அந்த முதல் துடிப்பைப் பூஜ்யம் என்று எண்ண வேண்டும். அதை ஒன்று என்று எண்ணினால் நிமிடக் கணக்கில் 6 கூடிவிடும். ஒரு நிமிடம் முழுக்க எண்ணிக்கொண்டிருந்தால் அதற்குள் நாடி இறங்கி, பயிற்சி மிக லேசாக இருந்ததுபோலத் தோன்றும்.

பக்கவாதத்தால் ஒரு கை மடங்கி இறுகியிருப்பவருக்கு வீட்டில் இருப்பவர்தான் எண்ண வேண்டும். நன்றாக இயங்கும் கையில் எண்ணுவது எளிது. டயாலிசிஸுக்காக ஃபிஸ்டுலா போட்ட கையைத் தொட வேண்டாம், மற்றக் கையில் பாருங்கள். கழுத்தில் பார்க்கும் பழக்கத்தை வயதானவர்களிடம் நான் ஊக்குவிப்பதில்லை. அங்கே அழுத்தினால் சிலருக்கு நாடி சட்டென்று குறைந்து மயக்கம் வரும். இரண்டு பக்கமும் சேர்த்து அழுத்துவது எவருக்குமே கூடாது.

எண் கிடைத்துவிட்டது. அது அதிகமா, குறைவா? இங்கேதான் கைக்கும் காலுக்கும் உள்ள வித்தியாசம் வருகிறது. கையின் தசைகள் சிறியவை. காலால் சுற்றும் அதே பளுவைக் கையால் சுற்றினால் நாடியும் ரத்த அழுத்தமும் கூடுதலாக ஏறும். கால் அசையாததால் அங்கே இறங்கிய ரத்தம் இதயத்துக்குத் திரும்புவதும் குறைவு. இதயம் வேகமாக அடித்துத்தான் அதை ஈடுகட்ட வேண்டும். ஆனால் முழு மூச்சாக உழைத்தாலும் கைப்பயிற்சியில் நாடி தொடும் உச்சம், கால்பயிற்சியின் உச்சத்தைவிட 10 முதல் 15 வரை குறைவாகத்தான் இருக்கும். அதாவது லேசான வேலைக்கே வேகமாக ஏறும், ஆனால் தாழ்வான உயரத்திலேயே நின்றுவிடும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். சர்க்கரை நோயால் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழந்த 60 வயதுக்காரர். தினமும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கைப்பெடல் சுற்றுகிறார். ஓய்வு நாடி 76. எல்லோருக்கும் தெரிந்த கணக்குப்படி 220இல் வயதைக் கழித்தால் உச்சம் 160. கைப்பயிற்சி என்பதால் அதில் 10ஐக் கழித்து 150 என்று வைத்துக்கொள்கிறோம். 150க்கும் ஓய்வு நாடியான 76க்கும் நடுவில் 74 துடிப்பு இடைவெளி இருக்கிறது. மிதமான பயிற்சி என்பது இந்த இடைவெளியில் ஏறத்தாழ 40 முதல் 60 சதவீதம் ஏறுவது. 74இல் அது 30 முதல் 44. ஓய்வு நாடியோடு கூட்டினால் 106 முதல் 120. அவர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது இன்னும் எளிது: 10 நொடியில் 18 முதல் 20 துடிப்பு. 17க்குக் கீழே என்றால் கொஞ்சம் வேகமாகச் சுற்றலாம். 21, 22 என்று போனால் பளுவைக் குறைக்க வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர் இந்த எல்லைக்குக் கீழேயே சில வாரங்கள் இருப்பதில் தவறில்லை. 220 கணக்கும் சராசரிதான். ஒருவருக்கு 10, 12 துடிப்பு முன்பின் ஆகும்.

இதே மனிதருக்கு ரத்த அழுத்தத்துக்காக அட்டினலாலோ மெட்டோப்ரொலாலோ தொடங்கினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஓய்வு நாடி 58. பழைய வேகத்தில் சுற்றுகிறார். 10 நொடியில் 15தான் வருகிறது. 18 வரவில்லையே என்று பளுவைக் கூட்டுகிறார், இன்னும் கூட்டுகிறார். மூச்சு வாங்குகிறது, நாடி மட்டும் ஏற மறுக்கிறது. இதில் அவர் இதயம் சோம்பலாகிவிடவில்லை. நாடி ஏறுவதைத் தடுப்பதுதான் அந்த மாத்திரையின் வேலை. பெயர் ‘லால்’ அல்லது ‘லோல்’ என்று முடியும் மாத்திரை சாப்பிடுபவர்கள் மேலே சொன்ன கணக்கைத் துரத்தக் கூடாது. அதற்காக மாத்திரையை நிறுத்தவும் கூடாது. திடீரென்று நிறுத்துவது இதயத்துக்கு ஆபத்து.

நீண்டகால சர்க்கரை நோய் இதயத்துக்குப் போகும் நரம்புகளைக் கெடுத்துவிட்டவர்களிடம் இன்னொரு விதமான குழப்பம். ஓய்விலேயே நாடி 95, 100 என்று நிற்கும். பயிற்சி செய்தாலும் பெரிதாக ஏறாது. இவர்களுக்கு மாரடைப்பின் வலிகூடத் தெரியாமல் போகலாம். அதனால் உட்கார்ந்து செய்யும் பயிற்சியானாலும் இதயப் பரிசோதனை முடிந்த பிறகே தொடங்க வேண்டும்.

நாடியை நம்பவே முடியாத நிலை, கழுத்திலோ மேல் மார்பிலோ தண்டுவடம் அடிபட்டவர்களுடையது. இதயத்தை வேகப்படுத்தும் நரம்புகள் மேல் மார்புப் பகுதித் தண்டுவடத்திலிருந்து கிளம்புகின்றன. அதற்கு மேலே தொடர்பு அறுந்துபோனால் ஆக்சிலரேட்டர் இல்லாமல் பிரேக்கை விடுவதை மட்டும் நம்பி ஓடும் வண்டிபோல ஆகிவிடுகிறது இதயம். கழுத்தில் முழுமையாக அடிபட்டவர்கள் உயிரைக் கொடுத்துச் சக்கரத்தைத் தள்ளினாலும் நாடி பெரும்பாலும் 130ஐத் தாண்டாது. அவர்களிடம் ‘இன்னும் வேகம் பத்தவில்லை’ என்று சொல்லும் பயிற்சியாளர் அநியாயம் செய்கிறார்.

மார்புத் தண்டுவடத்தின் 6ஆம் மட்டத்திலோ அதற்கு மேலேயோ அடிபட்டவர்களும் அவர்களைக் கவனிப்பவர்களும் இன்னொன்றையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பயிற்சியின்போது திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவப்பது, அடிபட்ட மட்டத்துக்கு மேலே மட்டும் வியர்வை கொட்டுவது, கூடவே நாடி குறைவது. நாடி குறைந்திருக்கிறதே என்று நிம்மதி அடையாதீர்கள். ரத்த அழுத்தம் ஆபத்தான உயரத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இவர்களுக்கு மேல் அழுத்தம் வழக்கமாகவே 90, 100தான் இருக்கும் என்பதால் 140 என்பதே அபாயம். படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்கார வையுங்கள். இடுப்புப் பட்டை, இறுக்கமான உடை, ஷூ எல்லாவற்றையும் தளர்த்துங்கள். சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும். மலச்சிக்கலோ, உட்காரும் இடத்துப் புண்ணோகூடத் தூண்டிவிடலாம். சில நிமிடங்களில் அடங்காவிட்டால் 108ஐக் கூப்பிடுங்கள்.

நாடி உதவாதவர்களுக்கு என்ன வழி? ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் போர்க் வகுத்த அளவுகோல் இருக்கிறது. ‘எவ்வளவு சிரமமாக இருக்கிறது’ என்று கேட்டு 6 முதல் 20க்குள் ஓர் எண் சொல்லச் சொல்வார்கள். 6 என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது, 11 லேசு, 13 கொஞ்சம் கடினம். 11க்கும் 13க்கும் இடையில் இருந்தால் நல்லது. இதுவும் வேண்டாம் என்றால் பேசிப் பாருங்கள். முழு வாக்கியம் பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் பளு சரியாக இருக்கிறது. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அதிகம்.

கைக்கடிகாரம் காட்டும் எண்ணை என்ன செய்வது? ஸ்மார்ட்வாட்ச் தோலுக்குள் ஒளியைப் பாய்ச்சி, ரத்தம் வந்து போவதைக் கணிக்கிறது. சக்கரத்தைப் பிடித்துத் தள்ளும்போது மணிக்கட்டு மடங்குகிறது, தசை இறுகுகிறது, வாட்ச் நகர்கிறது. சில நேரம் இதயத்தின் தாளத்தை விட்டுவிட்டு, நீங்கள் தள்ளும் தாளத்தையே எண்ணிக் காட்டிவிடும். தள்ளும் வேகத்தை மாற்றும்போதெல்லாம் எண்ணும் கூடவே சட்டென்று மாறினால் சந்தேகப்படுங்கள். நிறுத்தி விரலால் எண்ணி ஒப்பிடுங்கள். மணிக்கட்டுக்குச் சில விரல்கடை மேலே இறுக்கமாகக் கட்டினால் கொஞ்சம் தேறும். நெஞ்சில் கட்டும் பட்டை இதயத்தின் மின்துடிப்பையே எடுப்பதால் அதுதான் நம்பகமானது. கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரும் நாடியைக் காட்டும். ஆனால் பயிற்சியை நிறுத்தி, விரலை அசைக்காமல், நகப்பூச்சோ அடர்ந்த மருதாணியோ இல்லாத விரலில் மாட்டினால்தான்.

எந்த எண் வந்தாலும் கேட்காமல் நிறுத்த வேண்டிய நிலைகள் சில உண்டு. நெஞ்சில் பாரம், தாடையிலோ கையிலோ பரவும் வலி, கண் இருட்டுவது, நாடி தாறுமாறாக ஓடுவது. தினமும் சக்கரம் தள்ளுகிறவர்களுக்குத் தோள்வலி சகஜம். அதனாலேயே நெஞ்சுவலியையும் தோள்வலி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். தோளை அசைத்தால் கூடுவதும், அசைக்காவிட்டால் குறைவதும் பெரும்பாலும் மூட்டு வலி. கையைச் சும்மா வைத்திருந்தும் வலி இருந்தால், வியர்வையோ மூச்சுமுட்டலோ சேர்ந்தால், தோள் என்று முடிவு கட்டாமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

அடுத்தமுறை மருத்துவரிடம் போகும்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும், ஒரு வாரம் குறித்துவைத்த ஓய்வு நாடியையும் எடுத்துப் போங்கள். ‘எனக்குப் பயிற்சியின்போது நாடியை நம்பலாமா, நம்பலாம் என்றால் 10 நொடிக்கு எத்தனை?’ என்று கேளுங்கள். கிடைக்கும் எண்ணை ஒரு தாளில் எழுதி நாற்காலியின் கைப்பிடியில் ஒட்டிவையுங்கள். மாத்திரை மாறும்போது அந்தத் தாளையும் மாற்ற வேண்டும்.